தனியாகத் தேறாத கெழுக்கள் சேர்ந்து தேறினால்?

கேள்வி: என் ரெக்ரஷனில் மூன்று கெழுக்களின் டி மதிப்பும் சின்னது. ஆனால் எஃப் சோதனை மூன்றும் சேர்ந்து பூஜ்யம் இல்லை என்கிறது. எதை நம்புவது? வால்ட், எல்.ஆர்., ஸ்கோர் எல்லாம் இதிலிருந்து வேறா?

பதில்: மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள் என்றால் எஃப் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகங்களில் வரும் அமெரிக்க பேஸ்பால் தரவையே பார்ப்போம். 353 ஆட்டக்காரர்கள், 1993 சம்பளத்தின் லாக். விளக்கும் மாறிகள் ஐந்து: ஆடிய ஆண்டுகள், ஆண்டுக்கு எத்தனை ஆட்டம், பேட்டிங் சராசரி, ஹோம் ரன், தன் அடியால் அணிக்குக் கிடைத்த ரன்களான ஆர்.பி.ஐ. கடைசி மூன்றின் டி மதிப்புகள் சுமார் 0.9, 0.9, 1.5. ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் மூன்றையும் நீக்கினால் எச்ச வர்க்கக் கூட்டுத்தொகை 183.186-இலிருந்து 198.311-ஆக ஏறுகிறது.

```
F = ((198.311 - 183.186)/3) / (183.186/347) = 9.55
```

5% எல்லை சுமார் 2.6 தான். ஏன் இப்படி? ஒவ்வொரு ஹோம் ரன்னும் ஆர்.பி.ஐ. கணக்கிலும் ஏறும், ஆகவே இரண்டும் ஒன்றாகவே நகர்கின்றன. எது எவ்வளவு காரணம் என்று தரவால் பிரிக்க முடியவில்லை. அதனால் திட்டப்பிழை வீங்குகிறது. ஆர்.பி.ஐ.யை மட்டும் எடுத்துவிட்டால் ஹோம் ரன்னின் டி மதிப்பு 5 பக்கம் போய்விடும்.

அப்புறம் மற்ற மூன்று சோதனைகள். லாக்-லைக்லிஹுட்டை ஒரு குன்றாக நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருப்பது கட்டுப்பாடற்ற மதிப்பீடு, சரிவில் ஓரிடத்தில் இருப்பது மூன்று கெழுக்களும் பூஜ்யம் என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இரண்டுக்கும் இடையிலான கிடைத் தொலைவை அளப்பது வால்ட், உயர வித்தியாசத்தை அளப்பது எல்.ஆர்., கட்டுப்பட்ட இடத்தில் சரிவு எவ்வளவு செங்குத்து என்று பார்ப்பது 1948-இல் சி. ஆர். ராவ் தந்த ஸ்கோர். அதனால் வால்டுக்குப் பெரிய மாடல் மட்டும் போதும், ஸ்கோருக்குச் சிறியது மட்டும் போதும், எல்.ஆருக்கு இரண்டும் வேண்டும்.

```
W  = 353*(198.311 - 183.186)/183.186 = 29.15
LR = 353*ln(198.311/183.186)         = 28.0
LM = 353*(198.311 - 183.186)/198.311 = 26.92
```

LM என்பது ஸ்கோர்தான். மூன்றும் ஒரே இரண்டு எண்களிலிருந்து வந்தவை, அதாவது எஃப்பின் வேறு வேறு உருவங்கள். நேரியல் மாடலில் இந்த இறங்குவரிசை எப்போதும் மாறாது. மூன்றையும் ஒரே கை-வர்க்க எல்லையோடு (இங்கே 7.81) ஒப்பிடுவதால், சிறிய மாதிரியில் வால்ட் நிராகரித்து ஸ்கோர் நிராகரிக்காமல் போகலாம். அப்போது, பிழைகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், எஃப் அட்டவணையே துல்லியமானது.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விடுபட்ட மதிப்புகள் இருந்தால் சிறிய மாடல் கூடுதல் வரிசைகளோடு ஓடிவிடும், கழித்தலுக்கு அர்த்தமே இருக்காது. இரண்டிலும் n ஒன்றா என்று பாருங்கள். பிழையின் சிதறல் சீராக இல்லையென்றால் மேலே உள்ள எந்தச் சூத்திரமும் நிற்காது. அப்போது ரோபஸ்ட் கோவேரியன்ஸோடு வால்ட் போடுங்கள். பெரிய மாடல் `m` என்றால், ஆர்-இல் `car`, `sandwich` இரண்டையும் ஏற்றிவிட்டு:

```
linearHypothesis(m, c("bavg=0","hrunsyr=0","rbisyr=0"),
                 vcov. = vcovHC(m))
```