வாவிப் படத்திலிருந்து எழுத்துக்கு நிறம் எடுப்பது

கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சேலையை கல்லடியில் வாவிக்கு முன்னால் தொங்கவிட்டுப் படம் எடுத்திருக்கிறோம். பின்னணி நிறத்தோடு ஒத்துப்போகிற எழுத்து நிறமும் கடை நிறமும் எப்படி எடுப்பது?

முதலில் படத்திலிருந்து சேலையை வெட்டி நீக்கிவிடுங்கள். முழுப் படத்தையும் கொடுத்தால் மென்பொருள் ஒத்த நிறங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும். சேலையின் சிவப்பும் தண்ணீரின் பச்சையும் கலக்கிற இடத்தில், படத்தில் எங்குமே இல்லாத சேற்றுப் பழுப்பு ஒன்று வந்து நிற்கும். எழுத்து வரப்போகும் தண்ணீர்ப் பகுதியை மட்டும் vaavi.jpg என்ற தனிப் படமாகச் சேமியுங்கள். கணினியில் ImageMagick என்ற பட மென்பொருள் இருந்தால் இந்தக் கட்டளை போதும்:

```
magick vaavi.jpg -resize 300x300 +dither -colors 6 -format %c histogram:info:
```

ஆறு நிறங்களும், ஒவ்வொன்றும் எத்தனை புள்ளிகளில் இருக்கிறது என்பதும் வரும்.

நான் செய்த இதே மாதிரி ஒரு காலை நேரப் படத்தில் அதிகம் வந்தது #7FB8B5, வெளிறிய நீலப்பச்சை. கடைக்காரருக்கு வெள்ளை எழுத்துத்தான் விருப்பம். ஆனால் அந்த நிறத்தின் மேல் வெள்ளையின் ஒளி வேறுபாட்டு விகிதம் 2.2 மட்டுமே. இணையத்துக்கான WCAG அளவுகோல் சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 கேட்கிறது. வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தால் அந்த வெள்ளை கரைந்து போவது தெரியும். அதனால் வேறு நிறம் தேடாமல், அதே நீலப்பச்சையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து #0F3D3B ஆக்கினேன். வேறுபாடு 5.4 ஆனது. கறுப்பு வைத்திருந்தால் இன்னும் கூடியிருக்கும், ஆனால் தண்ணீரோடு ஒட்டாது.

சரி, இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பின்னணி ஒரே நிறம் இல்லையே! பாலத்தின் நிழல் விழுந்த தண்ணீர் #4F8F92. அதன் மேல் அதே கரும்பச்சை வெறும் 3.2. அங்கே கடைப் பெயர் போன்ற பெரிய எழுத்து நிற்கும், விலையும் தொலைபேசி எண்ணும் வாசிக்க முடியாது. சிறிய எழுத்துகளை மேலே வெளிறிய பகுதிக்கு ஏற்றினேன். இடம் இல்லாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் வெளிர்நிறப் பட்டை ஒன்று போடுங்கள். எப்போதும் எழுத்து விழுகிற இடத்திலேயே மோசமான புள்ளியைத் தொட்டு அளவெடுங்கள், சராசரியை நம்பாதீர்கள்.

கடை நிறத்தை ஒரு படத்திலிருந்து முடிவு செய்வது எனக்குச் சம்மதமில்லை. காலையில் நீலப்பச்சையாக இருக்கும் வாவி மாலையில் செம்மஞ்சளாகிவிடும், மழைக்காலத்தில் மண்நிறம். நாலைந்து படங்களில் இதையே செய்து, திரும்பத் திரும்ப வருகிற சாயலை எடுங்கள். எங்களுக்கு அந்தக் கரும்பச்சைதான் நின்றது. சேலைக் கரையின் சிவப்பை விலைக்கும் பொத்தானுக்கும் மட்டும் கொஞ்சமாக வைத்தோம்.

பெயர்ப்பலகை அச்சடிக்கிறதென்றால், முதலில் ஒரு சிறு துண்டு அடித்துப் பாருங்கள். திரையில் பளிச்சென்றிருக்கும் நீலப்பச்சை மையில் மங்கும்.