டயாலிசிஸ் நாளில் எங்கே இருக்க வேண்டும்?

“அம்மாவுக்குக் கடலூரில் வாரம் மூன்று டயாலிசிஸ். எனக்குப் புதுச்சேரியில் வேலை. அங்கே இருந்தால் அம்மா நினைப்பு, இங்கே இருந்தால் வேலை நினைப்பு. குற்ற உணர்ச்சி கொல்கிறது.”

தம்பி, மெஷினில் இருக்கும் நான்கு மணி நேரமும் நர்ஸ் கவனித்துக்கொள்வார். நீங்கள் வெளியே பெஞ்சில் காத்திருப்பதால் அம்மாவுக்குப் பெரிதாக எந்தப் பயனும் இல்லை. முடிந்து எழும்போது பிரஷர் இறங்கலாம், தலை சுற்றலாம். ஆட்டோ ஏற்றிவிடவும் வீட்டில் படுக்க வைக்கவும் ஆள் வேண்டியது அப்போதுதான்.

அதனால் யூனிட்டில் காலை முதல் ஷிஃப்ட் கேளுங்கள். ஆறு மணிக்கு ஊசி போட்டால் பத்தரை, பதினொன்றுக்குள் வீடு. அதுவரை பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறக்கலாம். மேனேஜரிடம் ஒவ்வொரு தடவையும் பர்மிஷன் கேட்காதீர்கள். திங்கள், புதன், வெள்ளி மதியம்தான் வருவேன், மாலை ஈடுகட்டுகிறேன் என்று ஒரே மெயிலில், யூனிட் கொடுத்த அட்டவணையோடு அனுப்புங்கள். நாள் தெரிந்துவிட்டால் அவர்களும் அதற்கேற்ப வேலை பிரிப்பார்கள். திடீர் லீவுதான் எரிச்சல் கிளப்பும்.

மற்ற நாள் காலையில் இரண்டே நிமிடம். எடை பாருங்கள், டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் பிஸ்டுலா கையில் விரல் வைத்துப் பாருங்கள். கிர்ரென்று அதிர வேண்டும். அதிர்வு இல்லையென்றால் அடைப்பாக இருக்கலாம், உடனே யூனிட்டுக்குப் போன் போடுங்கள். படுத்தால் மூச்சு வாங்கினால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அன்றைக்கு ஆபீஸை விட்டுவிடுங்கள்.