ஒரு சொல் மாறினால் கவிதையின் பொருள் மாறுமா?

கேள்வி: ஒரே கவிதை, இரண்டு பதிப்பு, ஒரே ஒரு சொல் வேறு. அதனால் பொருள் அவ்வளவு மாறிவிடுமா?

இப்படிப் பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொல்லைப் பாடபேதம் என்பார்கள். அது இணைப்புச் சொல்லாக இருந்தால் வாக்கியத்தின் தர்க்கமே மாறிவிடும்.

ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது எழுதிய கவிதையில் ஒரு வரி: ‘ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், இல்லையேல் சாவோம்’. நேசித்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எப்படியும் சாகத்தானே போகிறோம், இது பொய் என்று அவருக்கே பட்டது. 1955-இல் ஒரு தொகுப்பில் அதை ‘நேசிக்க வேண்டும், சாகவும் வேண்டும்’ என்று மாற்றினார். இப்போது அன்பு யாரையும் காப்பாற்றுவதில்லை. சாவுக்கு முன் செய்யவேண்டிய கடமையாக நிற்கிறது. என் பார்வையில் இதுதான் கனமான வரி.

‘குடை எடு, இல்லாவிட்டால் நனைவாய்’ என்பதும் ‘குடை எடு, நனையவும் செய்வாய்’ என்பதும் ஒன்றா?

பாடபேதம் என்றாலே அச்சுப்பிழை என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே மாற்றியவர் கவிஞரேதான்.