குறி எங்கே மாறியது? தப்பான விடையே காட்டிக் கொடுக்கும்

"ஸ்டெப் எல்லாம் சரியாகத்தான் போடுகிறேன், கடைசி விடை மட்டும் தப்பாகிறது. எங்கேயோ பிளஸ், மைனஸ் மாறிவிடுகிறது. திரும்பப் படித்துப் பார்த்தாலும் கண்ணில் படவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?"

திரும்பப் படிப்பதால் பெரிய பலன் இருக்காது. முதல் முறை எப்படி யோசித்தீர்களோ, அதே யோசனைதான் இரண்டாம் முறையும் ஓடும். அதைவிட, கிடைத்த தப்பான விடையையே கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கு:

```
7 − 2(x − 5) = 3x + 2
7 − 2x − 10 = 3x + 2
−3 − 2x = 3x + 2
−5 = 5x
x = −1
```

விடை முழு எண்ணாக வந்துவிட்டதால் சந்தேகமே வராது. இப்போது x = −1 என்று மூன்றாம் வரியில் போட்டால் இரண்டு பக்கமும் −1. இரண்டாம் வரியிலும் அப்படியே. முதல் வரியில் மட்டும் இடப்பக்கம் 7 − 2(−6), அதாவது 19, வலப்பக்கம் −1. ஆக, முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குப் போகும்போதுதான் தப்பு நடந்திருக்கிறது. மற்ற வரிகளை நோண்ட வேண்டாம்.

அங்கே நடந்தது என்ன? 2-ஐ அடைப்புக்குறிக்குள் பெருக்கியபோது மைனஸ் x-க்கு மட்டும் போய்ச் சேர்ந்தது, 5-க்குப் போகவில்லை. மைனஸைத் தனியாக, 2-ஐத் தனியாகப் பார்ப்பதால் வரும் வினை இது. பெருக்குவது 2 அல்ல, −2. அதனால் (−2)(x), (−2)(−5) என்று இரண்டையும் பிரித்து எழுதிவிடுங்கள். −2x, +10 என்று வரும். அப்புறம் 17 − 2x = 3x + 2, அதிலிருந்து x = 3. மூலச் சமன்பாட்டில் போட்டால் இரண்டு பக்கமும் 11.

பின்னம் வரும் இடத்தில் இதே தப்பு இன்னும் நைசாக நுழையும், ஏனென்றால் அங்கே அடைப்புக்குறியே கண்ணுக்குத் தெரியாது. x/2-லிருந்து இன்னொரு பின்னத்தைக் கழிக்க வேண்டும், அதில் கோட்டுக்கு மேலே x − 4, கீழே 3; கழித்தால் 3 வருகிறது, x எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6-ஆல் பெருக்கினால் 3x − 2(x − 4) = 18. பின்னக்கோடு போனதும் அந்த அடைப்புக்குறியைக் கையோடு போட்டுவிட வேண்டும். மனக்கணக்காக 3x − 2x − 8 என்று எழுதினால் x = 26 என்று வரும். சரியான விடை 10.

ஒரே கணக்கில் இரண்டு இடத்தில் குறி மாறியிருந்தால், கீழிருந்து போகும்போது முதலில் அகப்படுவது பெரும்பாலும் கடைசியாகச் செய்த தப்புதான். அதைத் திருத்தி, அங்கிருந்து கீழே மறுபடி போட்டு, புது விடையோடு இன்னொரு முறை மேலே ஏறுங்கள்.