டெபிட் அலர்ட் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தால் என்ன பதில் சொல்வது?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா 99 ரேண்ட் டெபிட் அலர்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கூட ஒரு வார்த்தையும் இல்லை. விளக்கம் கேட்கிறாரா, மோசடியா என்று பார்க்கச் சொல்கிறாரா, பணத்தைத் திரும்ப வாங்க வழி கேட்கிறாரா? நான் என்ன சொல்ல?

பதில்:

அவர் மனதில் இருப்பதை ஊகிக்க வேண்டாம். படத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இப்படி எழுதலாம்: "பெரியம்மா, இதுல டெபிட் ஆர்டர், 99 ரேண்ட் போயிருக்குன்னு போட்டிருக்கு. இந்தப் பேரு உங்களுக்குத் தெரியுமா? அந்த மெசேஜில் இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணாதீங்க, லிங்கையும் தொடாதீங்க."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அலர்ட்டே போலியாக இருக்கலாம். 'இது நீங்கள் செய்ததில்லை என்றால் இந்த எண்ணை அழையுங்கள்' என்று பதறவைத்து ஓடிபி வாங்குவார்கள். அவரே வங்கி ஆப்பைத் திறந்து பார்க்கட்டும். அதே தொகை அங்கே இல்லை, கணக்கிலும் பணம் குறையவில்லை என்றால், பெரும்பாலும் அந்த மெசேஜ்தான் மோசடி.

ஆப்பில் இருந்தால் அடுத்து வகையைப் பாருங்கள். கார்டில் வாங்கியது என்று இருந்து, அவர் வாங்கவில்லை என்றால், முதலில் கார்டை ஆப்பிலேயே முடக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. ஒரு நிறுவனம் தானாகவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் டெபிட் ஆர்டர் என்றால் கார்டை முடக்கிப் பயனில்லை, அது கணக்கு எண்ணிலிருந்தே போகிறது.

99 ரேண்ட் என்றதும் சந்தேகப்படுவது நியாயம்தான். நூறுக்குள் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு அனுமதியில்லாமல் எடுப்பவர்கள் தென்னாப்பிரிக்காவில் உண்டு. ஆனால் அவசரமும் வேண்டாம். டெபிட் ஆர்டரில் நிறுவனத்தின் பெயர் சுருக்கமாகத்தான் வரும். ஈமச்சடங்குக் காப்பீட்டை ஒரு கடையில் எடுத்திருப்பார், பணம் எடுப்பதோ வேறு பெயருள்ள காப்பீட்டு நிறுவனம். அதை மோசடி என்று சொல்லித் திருப்பிவிட்டால் தவணை கட்டாததாக ஆகி, பாலிசியே காலாவதியாகலாம். அதனால் போன மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் இதே பெயர், இதே தேதியையொட்டி வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்திருந்தால் அவருடைய பாலிசித் தாளில் உள்ள எண்ணை, டெபிட் வரியில் உள்ள குறிப்பு எண்ணோடு ஒப்பிடட்டும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் அன்றைக்கே ஆப்பில் அந்த வரியைத் தொட்டு டிஸ்பியூட் கொடுக்க வேண்டும். காரணம் கேட்டால் 'நான் அனுமதி தரவில்லை' என்பதைத் தேர்ந்தெடுக்கட்டும். நாள் தள்ளினால் வங்கி விசாரித்த பிறகே பணம் வரும். வாடிக்கையாளரிடம் வங்கி வழியாக முதலிலேயே ஒப்புதல் வாங்கும் டெபிசெக் முறையில் அவரே முன்பு ஒப்புதல் கொடுத்திருந்தால், ஒப்புக்கொண்ட தொகையும் தேதியும் மாறாதவரை திருப்ப முடியாது.

டிஸ்பியூட் போன பணத்தை மீட்கும், அவ்வளவுதான். அடுத்த மாதத்தைத் தடுக்க, அந்த டெபிட் ஆர்டரை நிறுத்தும்படி வங்கியில் ஸ்டாப் தனியாகப் போட வேண்டும். தொகையைச் சில ரேண்ட் மாற்றி அதையும் தாண்டுவார்கள். அடுத்த இரண்டு மாதம் 97, 98 ரேண்ட் என்று ஏதாவது வருகிறதா என்று நீங்களே அவரைக் கேளுங்கள்.