எந்த வலிக்குக் கிளம்புவது? சூட்டு வலி முதல் நஞ்சுக்கொடி வரை

“சிஸ்டர், எனக்குத் தலைப்பிரசவம், 38 வாரம் ஆகிறது. வளைகாப்பு முடிந்து காசிமேட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பதிந்திருக்கிறேன். எங்கள் தெரு அக்கா ஒருவரை வலி என்று கூட்டிப்போன இடத்தில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த வலிக்குக் கிளம்பணும்? உள்ளே போன பிறகு வரிசையாக என்ன நடக்கும்? யாரைக் கேட்டாலும் ‘போனா தெரியும்’ என்கிறார்கள்.”

அந்த அக்காவுக்கு வந்ததும் உண்மையான வலியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் திருப்பி அனுப்புவார்கள். அதற்குக் காரணம் புரிந்தால் பாதி பயம் போய்விடும்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையும் ஏறக்குறைய அப்படித்தான், கழுத்துப் பகுதி இறுகி நீளமாக இருக்கும். ஒவ்வொரு வலியிலும் கர்ப்பப்பையின் மேல்பகுதி சுருங்கி அந்தக் கழுத்தை மேலே இழுக்கிறது. தலைப்பிரசவத்தில் முதலில் கழுத்து தேய்ந்து மெலிந்து காகிதம் போல ஆகும், அதற்கு அப்புறம்தான் வாய் வேகமாகத் திறக்கும். மெலிவதற்கே பல மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் பரிசோதித்தால் ‘ஒரு விரல்தான் திறந்திருக்கு’ என்பார்கள். அது தோல்வி இல்லை, கழுத்து மெலிகிற வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

என்னிடம் வந்த ஒரு கொருக்குப்பேட்டைப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவருக்கும் தலைப்பிரசவம்தான். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும் வலி. கால் மணிக்கு ஒரு தடவை, அரை நிமிடம் நீடிக்கும். மாமியார் சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். சூட்டு வலி என்றால் நிற்கும், பிரசவ வலி என்றால் கூடும் என்பது நம் வீடுகளில் பார்க்கும் பழைய சோதனை. இதில் கெடுதல் இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தாலே வயிறு இறுகி இறுகி விடும், சூடாகக் குடித்துப் படுத்தால் சிலருக்கு அடங்கிவிடும். ஆனால் விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். பேதியும் வாந்தியும் வந்து, பிரசவத்துக்கு வைத்திருக்க வேண்டிய தெம்பு கழிப்பறையிலேயே போய்விடும்.

சூட்டு வலிக்கு ஒழுங்கு கிடையாது. 10 நிமிடம், 25 நிமிடம், மறுபடி 8 என்று வரும், நடந்தாலோ படுத்தாலோ மாறும். பிரசவ வலியின் இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு வலியும் நீடிக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். கணக்கு எடுக்கும்போது எல்லாரும் ஒரு தப்பு செய்கிறார்கள்: வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுகிறார்கள். ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை எண்ண வேண்டும். அம்மாவைத் தொப்புளுக்கு மேலே கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல வலியில் வயிறு நெற்றியைத் தொட்டது போலக் கல்லாக இருக்கும், வலி போனதும் கன்னம் போல இளகிவிடும்.

கொருக்குப்பேட்டை வீட்டில் பொறுக்கவில்லை. 2 மணிக்கு வலி 10 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆனதுமே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். வாய் 2 சென்டிமீட்டர் திறந்திருந்தது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது, பனிக்குடம் உடையவில்லை. வீட்டுக்குப் போய் வாருங்கள் என்றோம். போகாமல் வராந்தாவிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. காலையில் நிஜ வேலை தொடங்கியபோது அந்தப் பெண் ஏற்கெனவே துவண்டிருந்தார். வீட்டில் இருந்திருந்தால் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, இளநீர் குடித்து, இடைவெளிகளில் கண்ணயர்ந்திருப்பார்.

உங்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்புங்கள். காசிமேட்டிலிருந்து ராயபுரம் பக்கம்தான், அதனால் இந்தக் கணக்கு சரியாக வரும். எண்ணூரிலோ மணலியிலோ இருப்பவர்கள் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையை நினைத்து 7, 8 நிமிட இடைவெளியிலேயே கிளம்பலாம். இரண்டாவது பிரசவம் என்றால் இன்னும் முன்னால்.

சில விஷயங்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது, வலி இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். பனிக்குடம் உடைந்தால் மணியைக் குறித்துக்கொண்டு, சுத்தமான நாப்கின் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அதைப் போனதுமே சொல்லுங்கள். சளி போல, ரத்தக்கோடு கலந்து கொஞ்சம் வருவது சாதாரணம். மாதவிலக்கு போல ரத்தம் போவது சாதாரணம் இல்லை. குழந்தையின் அசைவு குறைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். முன்பு ஆபரேஷன் ஆனவர்களும், குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை என்று சொல்லப்பட்டவர்களும் முதல் வலியிலேயே வந்துவிட வேண்டும்.

சரி, உள்ளே போன பிறகு. அந்தப் பெண்ணுக்குக் காலை 11 மணிக்கு 5 சென்டிமீட்டர். இங்கிருந்துதான் வேகம் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனமும் 5 சென்டிமீட்டரைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது, அதிலிருந்து முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். அரை மணிக்கு ஒரு தடவை குழந்தையின் துடிப்பைக் கேட்பார்கள், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே பரிசோதிப்பார்கள். உங்கள் பக்கம் ஒரே வேலைதான்: மல்லாக்கப் படுத்தே கிடக்காமல் நடப்பது, உட்காருவது, இடதுபக்கம் சாய்வது. அப்புறம், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிப்பது. நிறைந்த மூத்திரப்பை குழந்தையின் தலையை இறங்க விடாது.

மாலை 4 மணிக்கு அவருக்கு 9 சென்டிமீட்டர். கை கால் உதறியது, வாந்தி எடுத்தார், “என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடுங்க” என்று அழுதார். 8-லிருந்து 10 வரைக்கும் பல பெண்கள் இதைத்தான் சொல்வார்கள். அனுபவப்பட்ட நர்ஸுக்கு அது கிட்டத்தட்ட வந்தாயிற்று என்பதன் அடையாளம். அப்போது மலம் வருவது போல கீழே ஒரு அழுத்தம் வந்துவிட்டது, துணைக்கு நின்ற சித்தி “முக்கு, முக்கு” என்று கத்த ஆரம்பித்தார். நாங்கள் தடுத்தோம். வாயின் முன்பக்கம் ஒரு விளிம்பு இன்னும் மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில் முக்கினால் அந்த விளிம்பு தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கி வீங்கிக்கொள்ளும், திறக்க வேண்டியது திறக்காது. இடதுபக்கம் படுக்க வைத்து, வெயிலில் நாய் இரைப்பது போல வாயால் சின்னச் சின்னதாக மூச்சு விடச் சொன்னோம். 5 மணிக்கு விளிம்பு போயிற்று, முழுதாக 10.

அதற்குப் பிறகுதான் முக்குவது. தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள் முடியும். முழுதாகத் திறந்த பிறகும் முக்கும் உந்துதல் வராவிட்டால், தலை இறங்கும்வரை காத்திருக்கலாம். உந்துதல் வந்ததும் வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும் முகவாயை மார்பில் ஒட்டி, தொண்டையில் கத்தாமல், மலம் கழிக்கும் பக்கமாக அழுத்துங்கள். வலி போனதும் முழு ஓய்வு. முக்கும்போது கொஞ்சம் மலம் வந்துவிடலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வந்ததும் வெட்கப்பட்டு முக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு அது நீங்கள் சரியான இடத்தில் முக்குகிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி. துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். யாராவது மேலே ஏறி வயிற்றை அழுத்தித் தள்ளினால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை.

தலையின் அகன்ற பகுதி வெளியே வரும்போது தீயாக எரியும், அப்போது “முக்காதே” என்பார்கள். முரண்பாடாகத் தோன்றும். தலை மெதுவாக வந்தால் தோல் இழுபட நேரம் கிடைக்கும், கிழிசல் குறையும். மறுபடியும் அந்த நாய் மூச்சு. 6.20-க்குப் பெண் குழந்தை பிறந்தது.

இதோடு முடிந்தது என்று குடும்பம் நினைக்கும். என்னைக் கேட்டால், தாய்க்கு ஆபத்து அதிகமான நேரம் இனிமேல்தான். குழந்தையை மார்பில் போட்டு, தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது அதுதான். தொப்புள்கொடியை 1 நிமிடமாவது விட்டுவிட்டு வெட்டினால் குழந்தைக்கு நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தமும் போய்ச் சேரும். நஞ்சுக்கொடி கழன்றதற்கு அடையாளங்கள் உண்டு: கொஞ்சம் ரத்தம் குபுக்கென்று வரும், வெளியே தொங்கும் கொடி நீளும், வயிறு உருண்டு கெட்டியாகும். அப்புறம்தான் ஒரு கையால் கர்ப்பப்பையைத் தாங்கிக்கொண்டு கொடியைப் பதமாக இழுப்பார்கள். கழலும் முன்னே இழுத்தால் கொடி அறுந்துபோகலாம், கர்ப்பப்பையே உள்பக்கம் வெளியாகத் திரும்பிவிடலாம். வழியில் ரயில்வே கேட்டில் ஆட்டோவிலேயே பிறந்துவிட்டாலும் இதே பேச்சுதான்: குழந்தையைத் துடைத்து அம்மாவின் மார்பில் போட்டுப் போர்த்துங்கள், கொடியை வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு நஞ்சுக்கொடி 10 நிமிடத்தில் வந்துவிட்டது. அரை மணி தாண்டியும் வராவிட்டால் மருத்துவர் கையால் எடுக்க வேண்டியிருக்கும், ரத்தம் கொட்டினால் அரை மணிகூடக் காக்க மாட்டார்கள். வந்த நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து எல்லாப் பகுதியும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரைக் கிலோ கனம் இருக்கும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தம் நிற்காது.

அந்தப் பெண்ணுக்கும் 7.15-க்கு ரத்தம் நிற்காமல் போனது, காரணம்தான் வேறு. சொந்தக்காரர்கள் எல்லாரும் குழந்தையைச் சுற்றி நின்றார்கள். சித்தி மட்டும் “புடவை ஈரமா இருக்கே” என்று கூப்பிட்டார். தட்டு பார்த்தாயிற்று, நஞ்சுக்கொடி முழுதாகத்தான் வந்திருந்தது. கை வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை மாவு போலத் தளர்ந்திருந்தது. சிறுநீர் கழிக்கவே இல்லை, நிறைந்த மூத்திரப்பை அதைச் சுருங்க விடவில்லை. குழாய் வைத்து நீரை எடுத்து, வயிற்றின் மேல் தேய்த்துவிட்டு, மறுபடி மருந்து ஏற்றியதும் இறுகிற்று.

அதனால் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லி வையுங்கள். பிறந்து 2 மணி நேரம்வரை ஒருவர் குழந்தையை விட்டு உங்களைப் பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பை தேங்காய் போலக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கால் மணியில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, உங்களுக்குக் கண் இருட்டினாலோ, உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.