கேள்வி-பதில்: பிங் போகிறது, பில் போடும் மென்பொருள் இணையவில்லை

கேள்வி: கடைக் கணக்குக்காக ஒரு வருடத்துக்கு விபிஎஸ் வாங்கி, உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் போட்டோம். பில் மென்பொருள் இணையவே இல்லை. 'பிங் போகிறதே, எங்கள் பக்கம் சரி' என்று விற்றவர்கள் புகாரை மூடிவிட்டார்கள். பணம் போனதுதானா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அவர்கள் மூடியது தவறு. ஆனால் கோளாறு யார் பக்கம் என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

பிங் படத்தை அனுப்பிப் புகாரை மூடும் வழக்கத்தை நான் மன்னிப்பதில்லை. அப்படி ஒரு படத்தை நம்பி நானும் ஒரு வருடச் சந்தா இழந்திருக்கிறேன். பிங் பயன்படுத்துவது ஐசிஎம்பி. அதில் போர்ட் எண் என்ற ஒன்றே கிடையாது. அந்த முகவரியில் ஒரு கருவி விழித்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். உங்கள் மென்பொருள் தட்டுவதோ டிசிபி 3306 என்ற ஒரே கதவை. ஃபயர்வால் ஐசிஎம்பியை விட்டுவிட்டு 3306-ஐத் தடுப்பது அன்றாடம் நடப்பது.

கடை லேப்டாப்பிலிருந்தே சோதியுங்கள். ஐபி இருக்கும் இடத்தில் உங்களுடையதைப் போடுங்கள்:

```
nc -vz -w 5 203.0.113.20 3306
```

`-z` தரவு எதுவும் அனுப்பாமல் இணைப்பை மட்டும் முயலும். `-v` விடையைத் திரையில் காட்டும். `-w 5` ஐந்து விநாடிக்கு மேல் காத்திருக்காது.

`timed out` என்று வந்தால் உங்கள் தட்டலுக்குப் பதிலே வரவில்லை. பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால் அதை விழுங்கியிருக்கும். விபிஎஸ் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள ஃபயர்வாலை முதலில் பாருங்கள், பிறகு சர்வருக்குள் `ufw`. 3306-ஐ உங்கள் கடை ஐபிக்கு மட்டும் திறங்கள். உலகத்துக்கே திறந்து வைத்தால் கடவுச்சொல்லைத் துழாவுபவர்கள் வந்து நிற்பார்கள்.

திறந்த பிறகு மறுபடி ஓட்டினால் `Connection refused` வரக்கூடும். அது முன்னேற்றம். தட்டல் சர்வர் வரை போய், 'இங்கே யாரும் இல்லை' என்று உடனே பதில் வந்திருக்கிறது. சில ஃபயர்வால்களும் இப்படி மறுப்பது உண்டு. அதனால் சர்வருக்குள் போய்ப் பாருங்கள்:

```
sudo ss -ltnp | grep 3306
```

`127.0.0.1:3306` என்று இருந்தால் ஆள் பிடிபட்டார். உபுண்டு தொகுப்பில் மைஎஸ்கியூஎல் தன் சர்வருக்குள் மட்டும் கேட்கும்படிதான் வருகிறது. `/etc/mysql/mysql.conf.d/mysqld.cnf` கோப்பில் `bind-address` வரியில் `0.0.0.0` என்று மாற்றி, `sudo systemctl restart mysql` கொடுங்கள். மூன்றாம் முறை `nc` ஓட்டும்போது `succeeded!` வர வேண்டும். அதற்குப் பிறகும் மென்பொருள் மறுத்தால் வழியில் குறை இல்லை. பயனர் பெயர், கடவுச்சொல், அந்தப் பயனருக்கு வெளியிலிருந்து நுழைய உள்ள அனுமதி ஆகியவற்றைப் பாருங்கள்.

இரண்டு ஃபயர்வாலும் திறந்திருந்தும், `ss` சரியாகக் காட்டியும் `timed out` நீடித்தால், அதே `nc` கட்டளையைக் கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் ஓட்டுங்கள். அந்த இணைப்பின் ஐபியையும் சற்று நேரம் அனுமதிக்க மறக்காதீர்கள். அங்கே திறந்தால் தடை கடை இணைப்பில். அங்கேயும் திறக்காவிட்டால் இரண்டு விடைகளையும், நேரத்தையும், எந்த ஐபியிலிருந்து சோதித்தீர்கள் என்பதையும் எழுதிப் புகாரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போர்ட் சோதிக்க ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். நல்ல பேரமா?

பதில்: இல்லை. `nc` இலவசம். விண்டோஸ் பவர்ஷெல்லிலேயே `Test-NetConnection 203.0.113.20 -Port 3306` இருக்கிறது. வாங்கும் முன் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: விபிஎன் சந்தா எடுத்தேன். `nc -vzu` கொடுத்தால் `succeeded` என்கிறது, ஆனால் விபிஎன் இணையவில்லை.

பதில்: `-u` போட்டால் `nc` சோதிப்பது டிசிபியை அல்ல, யுடிபியை. அதில் அந்தச் சொல்லை நம்பாதீர்கள். அங்கே கைகுலுக்கல் கிடையாது. 'மூடியிருக்கிறது' என்ற மறுப்பு வராத வரை `nc` வெற்றி என்றே சொல்லும்.

கேள்வி: வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து தர ஒருவருக்குப் பணம் கொடுத்தேன். எங்கள் வெளி ஐபிக்குப் பிங் போகிறது, போர்ட் திறக்கவில்லை.

பதில்: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் `WAN` என்று காட்டும் ஐபியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தருகிறது. உங்கள் பிங்குக்குப் பதில் சொல்வது அவர்களுடைய கருவி. உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் வெளித் தட்டல் அங்கே வந்து சேராது. வேலை செய்தவர் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்; பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேட்டு வாங்கிய பிறகு, வீட்டு வைஃபையை விட்டுக் கைபேசி இணைப்பிலிருந்து `nc` ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்தே சொந்தப் பொது ஐபியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் திறந்த போர்ட்டையும் மூடியதாகக் காட்டும்.